தோல் மஞ்சளாகும், விழித்திரை ஆகாது

கையின் சிரையில் ஏற்றும் ஃப்ளூரசீன் என்ற சாயம் ஒரு நிமிடத்துக்குள் உடல் முழுவதும் சுற்றி வந்துவிடும். சுற்றி வரும்போதே தோலின் நுண்குழாய்களிலிருந்து வெளியே கசிந்து தோலை மஞ்சளாக்கும். சிறுநீரகங்களில் வடிகட்டப்பட்டுச் சிறுநீரையும் அடர்மஞ்சளாக்கும். ஆனால் ஆரோக்கியமான விழித்திரையின் ரத்தக் குழாய்களிலிருந்து அது வெளியேறாது. குழாய்களுக்குள்ளேயே ஓடி, சிரை வழியாகத் திரும்பிவிடும்.

கண் மருத்துவத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டுவரும் ஃப்ளூரசீன் ஆஞ்சியோகிராம் இந்த ஒரு வேறுபாட்டை நம்பியே இருக்கிறது. உடலில் மற்ற இடங்களில் கசிகிற சாயம் விழித்திரையில் கசியக் கூடாது. கசிந்தால் அந்த இடத்தில் நோய் இருக்கிறது. எங்கே கசிகிறது, எந்த நொடியில் தொடங்கியது, எப்படிப் பரவியது என்பதைப் படம் பிடித்தால் நோயின் இடமும் தன்மையும் தெரிந்துவிடும்.

மருத்துவமனைகளில் இதை எஃப்.எஃப்.ஏ. என்றோ டை டெஸ்ட் என்றோ சொல்வார்கள். 'கண்ணுக்கு ஆஞ்சியோ' என்று கேட்டதும் இதயத்துக்குச் செய்வதைப் போலத் தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் நுழைப்பார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்ரே கதிரும் இல்லை. கையில் ஓர் ஊசி, கண்ணுக்கு முன்னால் ஒரு கேமரா, நீல ஒளி. கண்ணுக்குள் எதையும் செலுத்துவதில்லை.

ரத்தம் தெரியும்போது சாயம் எதற்கு?

கண் பாப்பாவை விரித்துவிட்டு உள்ளே பார்த்தால் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நேரடியாகவே தெரியும். உடலைக் கிழிக்காமல் ரத்தக் குழாய்களை இப்படிப் பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. பிறகு ஏன் சாயம் வேண்டும்?

கண்ணுக்குத் தெரிவது குழாய்க்குள் இருக்கும் ரத்தத்தின் சிவப்பு நிறம்தான். குழாய்ச் சுவர் பழுதில்லாமல் இருக்கிறதா என்பதை அந்த நிறம் சொல்லாது. சுவர் பழுதானால் முதலில் வெளியே வருவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. அதற்கு அவ்வளவாக நிறம் கிடையாது; விழித்திரையும் ஏறக்குறைய ஒளி ஊடுருவும் திசு. அதனால் கசிந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பது வெறும் பார்வைக்குப் பிடிபடாது. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய நுண்குழாய்கள் அடைபட்டுப் போனாலும் சாதாரண வண்ணப் படத்தில் அது எளிதில் தெரியாது. பிளாஸ்மாவோடு கலந்து, அது போகும் இடமெல்லாம் போய், அங்கே ஒளிவிடும் பொருள் ஒன்று தேவைப்பட்டது.

அந்தப் பொருளை ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் 1871-இல் தயாரித்தார். நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு, உடனே மஞ்சள் கலந்த பச்சை ஒளியை வெளியிடுவது ஃப்ளூரசீனின் இயல்பு. ஏறத்தாழ 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி உள்ளே போனால், ஏறத்தாழ 520 முதல் 530 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி திரும்பி வரும். மிகச் சிறிதளவு இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். 1877-இல் தன்யூப் ஆற்றில் தரைக்குள் மறையும் நீர் எங்கே போகிறது என்று அறிய, சுமார் 10 கிலோ ஃப்ளூரசீனை ஆற்றில் கரைத்தார்கள். இரண்டரை நாளுக்குப் பிறகு ஆஹ் என்ற ஊற்றின் நீர் பச்சையாக ஒளிர்ந்தது. நிலத்தடியில் நீர் போகும் பாதையைக் காட்டிக்கொடுத்த அதே குணம்தான் கண்ணுக்குள்ளும் பயன்படுகிறது.

மனித விழித்திரையில் சாயம் ஓடுவதை வெற்றிகரமாகப் படம் பிடித்தவர்கள் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு மருத்துவ மாணவர்கள், ஹெரால்ட் நொவாட்னியும் டேவிட் ஆல்விஸும். யாருக்குச் சாயம் ஏற்றுவது என்று நாணயம் சுண்டிப் பார்த்து, ஆல்விஸ் தன் கையை நீட்டினார். அவர்களுடைய கட்டுரை 1961-இல் 'சர்குலேஷன்' என்ற ரத்த ஓட்டவியல் இதழில் வெளியானது. அந்தப் படங்களை எப்படிப் படிக்க வேண்டும், எந்த நோய் எந்த வடிவத்தில் கசியும் என்பதை மயாமியில் பணியாற்றிய டொனால்ட் காஸ் அடுத்த ஆண்டுகளில் வகுத்துத் தந்தார். இன்றைக்கும் கண் மருத்துவர்கள் படிப்பது பெரும்பாலும் அவர் கற்றுத் தந்த முறையில்தான்.

கசியவிடாத இரண்டு அடுக்குகள்

ஃப்ளூரசீன் மிகச் சிறிய மூலக்கூறு. அதன் சோடிய உப்பின் மூலக்கூறு எடை 376 மட்டுமே. ரத்தத்தில் கலந்ததும் அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஆல்புமின் முதலிய புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. எஞ்சிய ஒரு பங்கு தனித்துத் திரிகிறது. இந்தத் தனிப்பங்கு தோல், தசை, குடல் ஆகியவற்றின் நுண்குழாய்களில் செல்களுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாக வெளியேறிவிடும்.

விழித்திரையில் அந்தச் சந்துகள் இல்லை. அங்கே நுண்குழாயின் உட்சுவரை ஆக்கும் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. மூளையின் ரத்தக் குழாய்களும் பெரும்பாலும் இப்படித்தான். விழித்திரை கரு வளர்ச்சியில் மூளையின் ஒரு பகுதியாக உருவானது என்பதால் இந்த ஒற்றுமை வியப்பல்ல. இதை உள்தடுப்பு என்பார்கள்.

விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்ற ரத்தப் படலம் இருக்கிறது. அதன் நுண்குழாய்களின் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு; தோலில் போலவே அங்கும் சாயம் தாராளமாக வெளியேறும். ஆனால் அது விழித்திரைக்குள் வர முடியாது. கோராய்டுக்கும் விழித்திரைக்கும் நடுவே நிறமிச் செல்களால் ஆன ஒற்றை அடுக்கு ஒன்று, இதே போன்ற இறுக்கமான பிணைப்புகளோடு நிற்கிறது. இது வெளித்தடுப்பு.

ஆகவே விழித்திரைக்குள் சாயம் நுழைய இரண்டே வழிகள் உண்டு. விழித்திரைக் குழாயின் சுவர் பழுதாக வேண்டும், அல்லது நிறமிச் செல் அடுக்கு பழுதாக வேண்டும். இரண்டில் எது நடந்தது, எந்த இடத்தில் நடந்தது என்பதே மருத்துவர் கேட்கும் கேள்வி. சர்க்கரை நோய் தாக்குவது பெரும்பாலும் உள்தடுப்பை.

பத்து நிமிடத்தில் நடப்பவை

முதலில் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிப்பார்கள். சாயம் ஏறுவதற்கு முன் இரண்டு கண்களையும் வண்ணத்திலும் நீல ஒளியிலும் படம் எடுப்பார்கள். சாயமே இல்லாமல் தானாக ஒளிரும் பகுதிகள் சில கண்களில் இருக்கும். அவற்றைப் பிற்பாடு கசிவு என்று தவறாக எண்ணாமலிருக்க இந்த முன்படங்கள் வேண்டும்.

பிறகு முழங்கை மடிப்பிலோ புறங்கையிலோ ஊசி குத்தி, சிரைக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு சாயத்தைச் செலுத்துவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 500 மில்லிகிராம். பத்து சதவீதக் கரைசலாக இருந்தால் அது 5 மில்லி. சில நொடிகளில் முழுவதும் ஏற்றி, அந்தக் கணமே கடிகாரத்தை ஓடவிடுவார்கள்.

கேமராவில் இரண்டு வடிகட்டிகள் இருக்கும். ஒன்று, கண்ணுக்குள் நீல ஒளியை மட்டும் அனுப்பும். மற்றது, திரும்பி வரும் நீலத்தைத் தடுத்து, சாயம் வெளியிடும் மஞ்சள்பச்சையை மட்டும் உள்ளே விடும். அதனால் படத்தில் வெள்ளையாகத் தெரிவது சாயம்; கறுப்பாகத் தெரிவது சாயம் இல்லாத இடம், அல்லது ஏதோ ஒன்று சாயத்தை மறைக்கும் இடம். ஆஞ்சியோகிராம் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருப்பதன் காரணம் இதுவே.

கையிலிருந்து இதயத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும், மீண்டும் இதயம் வந்து கழுத்துத் தமனி வழியாகக் கண்ணுக்கும் சாயம் வந்து சேரப் பொதுவாக 10 முதல் 15 நொடி ஆகும். முதலில் கோராய்டு மங்கலாகத் திட்டுத் திட்டாக ஒளிரும். ஒரு நொடி கழித்து விழித்திரைத் தமனிகள் வெள்ளைக் கோடுகளாக நிறையும். பிறகு நுண்குழாய்கள். அதன்பின் சிரைகளில் சாயம் முதலில் இரு ஓரங்களையும் ஒட்டி வரும். நடுப்பகுதி கறுப்பாகவே இருக்கும். அரை நிமிடத்துக்குள் சிரைகளும் முழுதாக நிறைந்துவிடும். இந்த அரை நிமிடத்தில் நொடிக்கு ஒரு படமாவது எடுப்பார்கள். அதற்குப் பிறகு இடைவெளி விட்டு, ஐந்தாம் நிமிடம், பத்தாம் நிமிடம் வரை எடுப்பார்கள்.

பத்தாம் நிமிடத்தில் ஆரோக்கியமான விழித்திரையில் சாயம் ஏறக்குறைய வடிந்துவிட்டிருக்கும். குழாய்கள் மங்கிவிடும். பார்வை நரம்பின் விளிம்பு மட்டும் லேசாக ஒளிரும், அது இயல்பானது. கூர்மையான பார்வைக்குரிய நடுப்பகுதியான மாக்குலா எல்லாப் படங்களிலும் கருமையாகவே இருக்கும். அதன் நடுவே, சுமார் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு, ரத்தக் குழாயே கிடையாது. அங்குள்ள மஞ்சள் நிறமியும், அடர்ந்த நிறமிச் செல்களும் பின்னாலுள்ள கோராய்டின் ஒளியை மறைத்துவிடுகின்றன.

ஒருவருடைய இரண்டு கண்கள்

படங்கள் என்ன சொல்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். வயது 54. சர்க்கரை நோய் வந்து 15 ஆண்டுகள். வலது கண்ணில் எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன, பார்வை 6/18. இடது கண்ணில் குறை எதுவும் தெரியவில்லை, பார்வை 6/6. அவர் வந்தது வலது கண்ணுக்காக.

வலது கண்ணின் வண்ணப் படத்தில் மாக்குலாவைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. இவற்றில் சில நுண்குழாயின் சுவர் பலவீனப்பட்டுப் புடைத்த நுண்புடைப்புகள். சில சிறு ரத்தக் கசிவுகள். வண்ணப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாயம் ஏறியதும் பிரிந்துவிடும். இருபதாவது நொடியில் சில புள்ளிகள் வெள்ளையாக ஒளிர்கின்றன. அவற்றுக்குள் ரத்தம் ஓடுகிறது, ஆகவே அவை நுண்புடைப்புகள். சில கறுப்பாகவே நிற்கின்றன. அவை வெளியே சிந்திய ரத்தம், சாயத்தை மறைக்கின்றன.

இப்போது ஐந்தாம் நிமிடப் படம். இருபதாவது நொடியில் கூர்மையான விளிம்போடு இருந்த வெள்ளைப் புள்ளிகளில் பல, மை ஒற்றும் தாளில் விழுந்த துளியைப் போல விளிம்பு கலைந்து பரந்திருக்கின்றன. நேரம் செல்லச் செல்லப் பரப்பும் பெருகுகிறது, வெண்மையும் கூடுகிறது. இதுதான் கசிவு. பத்தாம் நிமிடத்தில் மாக்குலாவின் நடுவைச் சுற்றி, பூவிதழ்கள் வட்டமாக அமைந்தது போன்ற வடிவம் தெரிகிறது. விழித்திரையின் நார்கள் அந்த இடத்தில் நடுவிலிருந்து ஆரம் ஆரமாக ஓடுகின்றன. கசிந்த நீர் அந்த நார்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் தேங்குவதால் அந்த வடிவம் வருகிறது. எழுத்துகள் கலங்கித் தெரிவதன் காரணம் இந்த நீர்க்கோர்ப்பு.

அதே படத்தொகுப்பில் இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது. மாக்குலாவின் நடுவிலுள்ள குழாயில்லாப் பகுதியைச் சுற்றி நுண்குழாய்களின் வளையம் ஒன்று உண்டு. முப்பதாவது நொடிக்குள் எடுத்த படங்களில் அது தெளிவாகத் தெரியும். கசிவு பரவிய பிறகு மறைந்துவிடும். நம்முடைய எடுத்துக்காட்டில் வளையம் பெரும்பாலும் உடையாமல் இருக்கிறது. அப்படியானால் செல்களுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. நீர் வற்றினால் பார்வை கூடும் என்று எதிர்பார்க்கலாம். வளையம் பல இடங்களில் அறுந்து நடுப்பகுதி விரிந்து போயிருந்தால், கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தால் நீர் வற்றினாலும் பார்வை அதே அளவுக்குத் திரும்பாது. சிகிச்சை தொடங்கும் முன்பே இதை நோயாளியிடம் சொல்லிவிட முடிவது பெரிய உதவி.

இடது கண்ணுக்கு வருவோம். குறையே சொல்லாத கண். ஆனால் முப்பதாவது நொடிப் படத்தில் காதுப் பக்கம் இருக்கும் விழித்திரையில் சாம்பல் கறுப்பாகப் பரந்த திட்டுகள் தெரிகின்றன. சுற்றிலும் நுண்குழாய்களின் வலை ஒளிரும்போது, அங்கே மட்டும் வலை இல்லை. குழாய்கள் அடைபட்டுவிட்டன; அந்தத் திசு ஆக்சிஜன் இல்லாமல் வாடுகிறது. அப்படி வாடும் திசு வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது புதிய ரத்தக் குழாய்களை முளைக்கச் செய்கிறது.

அந்தப் புதுக் குழாய்களும் இந்தக் கண்ணில் இருக்கின்றன. பார்வை நரம்பின் மேல் ஒரு சிறு நூல்வலை, பதினெட்டாவது நொடியில் மெல்லியதாகத் தெரிகிறது. ஒரு நிமிடத்தில் அந்த நூல்கள் தெரியவில்லை. அந்த இடம் முழுவதும் வெண்ணிறப் புகைமூட்டமாகிவிட்டது. ஐந்தாம் நிமிடத்தில் அந்த மூட்டம் பார்வை நரம்பையே மறைக்கிறது. முளைத்த புதுக் குழாய்களின் செல்களுக்கு இடையே இறுக்கமான பிணைப்பு கிடையாது. அதனால்தான் இவ்வளவு வேகமான, இவ்வளவு அதிகமான கசிவு. விழித்திரைக்குள்ளேயே விரிந்து வளைந்து போன பழைய நுண்குழாய்களும் இப்படிப் பின்னலாகத் தெரிவதுண்டு. ஆனால் அவை பெரிதாகக் கசியாது. வண்ணப் படத்தில் குழப்பம் தரும் இந்த இரண்டையும் கசிவு பிரித்துக் காட்டுகிறது.

புதுக் குழாய்கள் எப்போது வேண்டுமானாலும் உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தை நிரப்பலாம். தழும்பாகச் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பிரிக்கலாம். ஆகவே மருத்துவருக்கு இப்போது அவசரம் வலது கண்ணைவிட இடது கண்ணில்தான். வலது கண்ணுக்கு வி.இ.ஜி.எஃப். புரதத்தை முடக்கும் ஊசி மருந்து. இடது கண்ணுக்கு ஓரப் பகுதிகளில் பரவலாக லேசர், தேவைப்பட்டால் அதே ஊசி மருந்தும். 6/6 பார்க்கும் கண்ணுக்கு ஏன் லேசர் என்று நோயாளி கேட்டால், அந்த ஒரு நிமிடப் படத்தைக் காட்டினால் போதும்.

வெள்ளை எல்லாம் கசிவு அல்ல

படத்தில் ஓரிடம் வெள்ளையாக இருப்பதால் மட்டும் அங்கே கசிவு என்று முடிவு செய்யக் கூடாது. பழைய லேசர் தழும்பிலோ முதுமையாலோ நிறமிச் செல்கள் அழிந்த இடத்தில், பின்னாலுள்ள கோராய்டின் ஒளி மறைப்பில்லாமல் தெரியும். அது தொடக்கத்திலேயே வெள்ளையாகிவிடும். ஐந்து நிமிடமானாலும் அதே அளவில், அதே விளிம்போடு இருக்கும். கோராய்டிலிருந்து சாயம் வடியும்போது தானும் மங்கிவிடும். அங்கே நீரும் இல்லை, சிகிச்சையும் தேவையில்லை.

வெளித்தடுப்பு பழுதாவதும் தனியாகத் தெரியும். நடுவயது ஆண்களிடம் அதிகம் காணப்படும் ஒரு நோயில் மாக்குலாவின் அடியில் நீர் குமிழ்போலத் தேங்கும். நிறமிச் செல் அடுக்கில் ஊசிமுனை அளவு பழுது இருந்தால் போதும். முதலில் ஒரே ஒரு வெண்புள்ளி தெரியும். பத்து நிமிடத்தில் அது குமிழுக்குள் மெதுவாகப் பரவும். குமிழின் எல்லையைத் தாண்டாது. சிலருக்கு மேல்நோக்கி எழுந்து பிறகு விரியும். உள்தடுப்பின் கசிவில் புள்ளிகள் பல. இங்கே பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ.

இவற்றையெல்லாம் பிரித்துச் சொல்ல ஒற்றைப் படம் உதவாது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அளவும் வெண்மையும் கூடியிருந்தால் கசிவு. ஓர் எல்லைக்குள் நிறைந்து நின்றால் தேக்கம். அளவு மாறாமல் மங்கினால் வெறும் திறந்த இடம். ஐந்தாம் நிமிடத்துக்குக் காத்திருக்காமல் நோயாளியை எழுப்பிவிட்டால் பரிசோதனை பாதியில் நின்றதாகவே பொருள்.

மஞ்சள் ஏன், எவ்வளவு நேரம்?

விழித்திரையில் நோயைக் காட்டும் அதே கசிவு தோலில் எல்லோருக்கும் இயல்பாக நடக்கிறது. சாயம் ஏறிய சில நிமிடங்களில் முகமும் கைகளும் மஞ்சளிப்பது அதனால்தான். நிறம் சில மணி நேரத்தில் மங்கிவிடும். பொதுவாக அன்று மாலைக்குள் பெரும்பாலும் போய்விடும். கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளாகலாம். இது மஞ்சள் காமாலை அல்ல. காமாலையில் தோலில் படிவது பிலிருபின். இது வெறும் சாயம்.

சாயம் இரண்டு உறுப்புகள் வழியாக வெளியேறுகிறது. கல்லீரல் அதை வேறொரு சேர்மமாக மாற்றுகிறது. அந்த மாற்றம் மிக வேகமானது, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உள்ள சாயத்தில் பெரும்பகுதி மாறிவிடும். மாறிய சேர்மம் மிகக் குறைவாகவே ஒளிரும். மாறியதும் மாறாததும் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. அதனால்தான் சிறுநீர் அடர்மஞ்சளாகவோ ஆரஞ்சு கலந்தோ 24 முதல் 36 மணி நேரம் வரை போகும். வெளிச்சத்தில் பச்சையாக மின்னினாலும் பயப்பட வேண்டியதில்லை. சிறுநீரகம் சரியாக இயங்காதவர்களுக்கு நிறம் இன்னும் நீடிக்கும். அவர்களுக்குச் சாயத்தின் அளவைக் குறைப்பதும் உண்டு.

சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் அயோடின் கலந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று கேள்விப்பட்டவர்கள் இதற்கும் அஞ்சுவார்கள். ஃப்ளூரசீனில் அயோடின் இல்லை. அயோடின் ஒவ்வாமை இருப்பது இந்தப் பரிசோதனைக்குத் தடையும் அல்ல.

நிறம் போகும்வரை சில எளிய கவனங்கள் வேண்டும். மென்மையான கான்டாக்ட் லென்ஸில் சாயம் ஒட்டிவிடும் என்பதால் அதைப் போடக் கூடாது. அன்றைக்கே ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை கொடுக்க நேர்ந்தால் சாயம் ஏற்றியதை ஆய்வகத்தில் சொல்ல வேண்டும். சில சோதனைகளின் முடிவை அது மாற்றிவிடும். தாய்ப்பாலிலும் சாயம் கலக்கும். பாலூட்டும் தாய் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். பளிச்சிடும் ஒளியால் சிறிது நேரம் எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும்; அதுவும் தானே மறையும். கண் பாப்பா விரிந்திருப்பதால் வண்டி ஓட்டக் கூடாது.

எது சாதாரணம், எது அவசரம்

ஊசி போட்ட அரை நிமிடத்தில் சிலருக்குக் குமட்டல் வரும். ஓரிருவர் வாந்தி எடுப்பார்கள். ஒன்றிரண்டு நிமிடங்களில் அடங்கிவிடும். வாய் வழியாக மெதுவாக மூச்சு விடச் சொல்வார்கள். பிறகு படம் எடுப்பது தொடரும். இது ஒவ்வாமை அல்ல.

உடலில் தடிப்பு, அரிப்பு, தொடர்ந்த தும்மல் ஆகியவை ஒவ்வாமையின் அறிகுறிகள். மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பது போன்ற உணர்வு, மயக்கம் ஆகியவை அவசர நிலை. 1986-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பு, இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஞ்சியோகிராம்களைத் திரட்டிப் பார்த்தது. கடுமையான எதிர்வினை சுமார் 1,900 பேருக்கு ஒருவருக்கு வந்திருந்தது, மரணம் ஒன்று. மிக அரிதானாலும் நடக்கக்கூடியது என்பதால்தான், அட்ரினலினும் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தொலைவில் இல்லாத இடத்தில் இதைச் செய்யக் கூடாது என்பது விதி.

கையில் நடக்கும் தவறு இன்னொன்று. ஊசி சிரையை விட்டு விலகிச் சாயம் சதைக்குள் போனால் கடுமையாக எரியும், வீங்கும். சாயக் கரைசல் காரத்தன்மை உடையது. அதிகமாகப் போனால் தோலே புண்ணாகலாம். ஏற்றும்போது கை எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி சிரைக்கு வெளியே போய்விட்டால் படங்களும் மங்கலாகத்தான் வரும்.

இந்தப் படங்கள் சொல்லாதவை

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை ஆஞ்சியோகிராம் காட்டும். அதனால் விழித்திரை எவ்வளவு தடித்திருக்கிறது என்பதை அளந்து சொல்லாது. அதற்கு ஓ.சி.டி. ஸ்கேன் இருக்கிறது, ஊசியே வேண்டாம், சில நொடிகளில் முடியும். அதனால் மாக்குலாவில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கவும், சிகிச்சையில் அது வற்றுகிறதா என்று தொடர்ந்து கவனிக்கவும் இப்போது ஓ.சி.டி.யே முதன்மையாகிவிட்டது. ஓ.சி.டி. ஆஞ்சியோகிராம் என்ற புதிய முறை சாயம் இல்லாமலே நுண்குழாய் வலையையும் அடைப்பையும் காட்டுகிறது. ஆனால் அது அறிவது ரத்தச் செல்களின் ஓட்டத்தைத்தான். சுவரைத் தாண்டி மெதுவாக வெளியேறும் நீர் அதில் பதிவாகாது. கசிவைக் காண இன்றும் சாயம்தான் வேண்டும்.

ஆகவே சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை. புதுக் குழாய்கள் இருக்கின்றனவா என்ற ஐயம், பார்வை குறைந்ததற்குக் காரணம் தெரியாத நிலை, சிகிச்சை பலிக்காத நிலை ஆகியவற்றில்தான் மருத்துவர் இதைக் கேட்கிறார். கேட்டால் தள்ளிப்போட வேண்டாம். முன்பு எந்த ஊசிக்காவது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், ஆஸ்துமா இருந்தால், கருவுற்றிருந்தால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். முடிந்ததும் இரண்டு கண்களின் முதல் நிமிடப் படங்களையும் கடைசிப் படங்களையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எடுக்கும் படங்களை இவற்றோடு ஒப்பிட்டால்தான் கசிவு நின்றதா, புதிதாக எங்காவது தொடங்கியதா என்பது தெரியும்.